யாரும் விலைக்கு வாங்க முடியாத பின்னொட்டு

ஜெர்மனியின் ஏவிஎம் நிறுவனம் உருவாக்கிய ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர் அந்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க எண்களாலான முகவரி எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரவுசரில் `fritz.box` என்று தட்டினால் போதும். அந்தப் பெயரைப் பற்றிய கேள்வி வந்ததும் ரூட்டரே குறுக்கிட்டு, 'அது நான்தான்' என்று தன் முகவரியைக் கொடுத்துவிடும். கேள்வி வீட்டு வாசலைத் தாண்டாது. வெளி இணையத்தில் `.box` என்று முடியும் பெயர்களே அப்போது கிடையாது என்பதால், பல ஆண்டுகள் இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் ஓடியது.

இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2012-இல் புதிய பின்னொட்டுகளுக்கு விண்ணப்பம் வாங்கியது. `.com`, `.org` போன்ற சிலவற்றோடு இருந்த பட்டியலில் அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய பின்னொட்டுகள் சேர்ந்தன. அவற்றில் `.box` ஒன்று. 2024-இன் தொடக்கத்தில் அதன்கீழ் பெயர்கள் பொது விற்பனைக்கு வந்தபோது, ரூட்டர் நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத யாரோ `fritz.box` பெயரைப் பதிவு செய்துகொண்டார்.

வீட்டுக்குள், ரூட்டரிடமே பெயர் கேட்கும் கருவிகளுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் வைஃபை துண்டிக்கப்பட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருந்த போனில் அதே பெயரைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இருந்தவை என்எஃப்டி படங்கள்தான். அதே இடத்தில் ரூட்டரின் லாகின் பக்கத்தைப்போலவே ஒன்றைச் செய்து வைத்திருந்தால், எத்தனையோ பேர் தங்கள் கடவுச்சொல்லைத் தாங்களே தட்டிக் கொடுத்திருப்பார்கள். ஏவிஎம் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் முறையிட்டுப் பெயரை மீட்டுக்கொண்டது. வணிக முத்திரை வைத்திருக்கும் நிறுவனம் என்பதால் அதற்கு அந்த வழி இருந்தது. சொந்த வீட்டுக் கருவிகளுக்குப் பெயர் வைக்கும் நமக்கு அப்படி ஒரு வழி இல்லை. எனவே, பிற்காலத்தில் மீட்க வேண்டிய நிலையே வராத பெயரை முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும்.

பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது

வீட்டில் ஒரு பிரின்டர், படங்களைச் சேமிக்கும் ஒரு நாஸ் பெட்டி, விளக்குகளைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு கணினி என்று நான்கைந்து கருவிகள் சேர்ந்துவிட்டால், 192.168.1.20, 192.168.1.30 என்று எண்களை நினைவில் வைப்பது சலிப்பூட்டும். பெயர் வைக்கலாம் என்று இறங்கினால், பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலோர் கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறார்கள்: `nas.home`, `nas.lan`, `nas.local`, அல்லது தங்கள் வீட்டுப் பெயரையே பின்னொட்டாக.

'இப்போது இணையத்தில் இது இல்லையே, அப்புறம் என்ன?' என்ற எண்ணம்தான் இதில் தவறு. இன்று இல்லாத பின்னொட்டு நாளை விற்கப்படலாம். `.box`-க்கு நடந்தது அதுதான். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கணினிக்குள் சோதனைத் தளங்களுக்கு வைத்துக்கொண்டிருந்த `.dev`-க்கும் அதுவே நடந்தது. அந்தப் பின்னொட்டு கூகுள் கைக்குப் போனது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, `.dev` என்று முடியும் எல்லாவற்றையும் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறப்பேன் என்று மாறியது. முந்தைய நாள்வரை திறந்துகொண்டிருந்த சோதனைத் தளங்கள் ஒரு அப்டேட்டுக்குப் பின் திறக்கவில்லை. அவற்றை அமைத்தவர்கள் எதையுமே மாற்றியிருக்கவில்லை. புதிய பின்னொட்டுகளுக்கான அடுத்த சுற்றை 2026 ஏப்ரலில் திறப்பதாக ஐகேன் அறிவித்ததால், இது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது.

ஆக, ஒரு பின்னொட்டைப் பாதுகாப்பானதாக்குவது அது தற்போது காலியாக இருப்பது அல்ல. அதை ஒருநாளும் யாருக்கும் விற்க மாட்டோம் என்று, விற்கும் அதிகாரம் உள்ளவர்கள் எழுத்தில் உறுதி கொடுத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட உறுதி பெற்ற பின்னொட்டுகளில் வீட்டுக்கு ஏற்றவை இரண்டு.

முதலாவது `home.arpa`. இணையத் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018 மே மாதம் ஆர்எஃப்சி 8375 என்ற ஆவணத்தில் இதை ஒதுக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த வேறொரு ஆவணம் `.home` என்பதை, அதற்குரிய ஒதுக்கீட்டு நடைமுறையைக் கடைப்பிடிக்காமல் பயன்படுத்திவிட்டது. அந்தப் பிழையைத் திருத்தவே `home.arpa` பிறந்தது. `.arpa` என்பது இணையத்தின் தொழில்நுட்பத் தேவைகளுக்காக மட்டும் வைத்திருக்கும் பகுதி. அங்கே பெயர் விற்பனையே கிடையாது.

இரண்டாவது `.internal`. தனியார் பயன்பாட்டுக்கென ஒரு பின்னொட்டை ஒதுக்க வேண்டும் என்று ஐகேனின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 2020-இல் பரிந்துரைத்தது. நீண்ட ஆய்வுக்குப் பின் 2024 ஜூலை 29 அன்று ஐகேன் வாரியம் `.internal` நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது என்று தீர்மானித்தது.

இரண்டில் எதை எடுத்தாலும் விற்பனை ஆபத்து இல்லை. ஆனால் ஒரு நுணுக்கமான வேறுபாடு இருக்கிறது. இணையத்தின் தலைமைப் பெயர்ப் பட்டியல் மின்கையொப்பமிடப்பட்டது. `.internal` அதில் இல்லாததால், 'அப்படி ஒன்று இல்லை' என்று கையொப்பத்தோடு அங்கிருந்து பதில் கிடைக்கும். கையொப்பத்தைத் தானே சரிபார்க்கும்படி அமைத்த கணினி அந்தப் பதிலை நம்பி, உங்கள் ரூட்டர் சொன்ன முகவரியைப் போலி என்று தள்ளிவிடக்கூடும். `home.arpa`-வில் இந்த மோதல் வராது. 'இந்தப் பெயரின்கீழ் கையொப்பம் எதிர்பார்க்க வேண்டாம்' என்று `.arpa` பட்டியலிலேயே வேண்டுமென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு நான் `home.arpa`-வைப் பரிந்துரைப்பது இதனால்தான். பெயர் அழகாக இல்லை என்பது உண்மை. அலுவலகத்துக்கோ, 'home' என்று எழுதப் பிடிக்காதவர்களுக்கோ `.internal` சரியான மாற்று.

`.home` பற்றி ஒரு சொல். ஏராளமான வீடுகளிலிருந்து அது ஏற்கெனவே வெளியே கசிந்துகொண்டிருந்ததால், `.corp`, `.mail` ஆகியவற்றோடு அதையும் யாருக்கும் கொடுக்காமல் ஐகேன் 2018-இல் காலவரையின்றி நிறுத்தி வைத்தது. நிறுத்தி வைப்பது நிரந்தர ஒதுக்கீடு ஆகாது. `.lan` நிலையும் இதைவிட மேலல்ல. ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ரூட்டர் மென்பொருள்களில் அது இயல்பாகவே இருக்கிறது என்றாலும், முறையான உறுதி எதுவும் அதன் பின்னால் இல்லை.

`.local` வேறு வழி

மேலே சொன்ன வரிசையில் `.local`-ஐயும் ஒரு பின்னொட்டாக எண்ணிச் சேர்ப்பதுதான் பலருக்கு நேரும் குழப்பம். அதுவும் முறையாக ஒதுக்கப்பட்டதுதான். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 அதை ஒதுக்கியது. ஆனால் ஒதுக்கியது எம்டிஎன்எஸ் என்ற தனி முறைக்கு. அந்த முறையில் ரூட்டர் யாருக்கும் பெயர் சொல்லித் தருவதில்லை.

ஒரு மண்டபத்தில் செல்வி எங்கே என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. வாசலில் பதிவேடு வைத்திருப்பவரிடம் கேட்கலாம்; அல்லது நடு மண்டபத்தில் நின்று 'செல்வி யாரும்மா?' என்று குரல் கொடுத்தால் செல்வியே கை தூக்குவார். `home.arpa` முதல் வழி: பதிவேடு ரூட்டரிடம் இருக்கிறது. `.local` இரண்டாவது வழி. `printer.local` என்று நீங்கள் தட்டியதும் உங்கள் கணினி 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353-ஆம் போர்ட்டில் கேள்வியை அனுப்புகிறது. அந்த நெட்வொர்க்கில் எம்டிஎன்எஸ் பேசும் கருவிகள் எல்லாம் அதைக் கேட்கின்றன. அந்தப் பெயருக்கு உரிய பிரின்டர் மட்டும் தன் முகவரியைச் சொல்கிறது.

இந்த முறையின் பெரும் பலம், யாரும் எதையும் அமைக்க வேண்டியதில்லை என்பது. புதுப் பிரின்டரை வைஃபையில் சேர்த்ததும் போன் அதைக் கண்டுபிடித்துவிடுவது இதனால்தான். ஆப்பிள் இதை பான்ஜோர் என்ற பெயரில் தருகிறது. லினக்ஸில் அவாஹி என்ற மென்பொருள் இதைச் செய்கிறது. விண்டோஸ் 10 முதல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

எல்லைகளும் இதே அமைப்பிலிருந்து பிறக்கின்றன. குரல் அந்த ஒரு நெட்வொர்க்குக்குள் மட்டுமே கேட்கும். ரூட்டர் அதை அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தாது. கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போனுக்கு `printer.local` தெரியாது. ஊருக்குப் போயிருக்கும்போது விபிஎன் வழியாக வீட்டோடு இணைந்தாலும் பொதுவாகத் தெரியாது. பெயரும் நிலையானதல்ல. ஒரு கருவி நெட்வொர்க்கில் சேரும்போது, 'இந்தப் பெயர் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா?' என்று கால் நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்கும். இருக்கிறது என்று பதில் வந்தால் வேறு பெயருக்கு மாறிக்கொள்ளும். ஒரே மாடல் பிரின்டர் இரண்டு இருந்தால், ஒன்று `printer-2.local` ஆகிவிடும். மின்வெட்டுக்குப் பின் எது முதலில் விழித்தெழுகிறதோ அதற்கு முதல் பெயர் போகலாம். பதில் சொல்வது உண்மையான பிரின்டர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடும் இதில் இல்லை. வைஃபைக்குள் நுழைந்த எந்தக் கருவியும் 'நான்தான்' என்று சொல்லிவிட முடியும்.

இப்போது, ரூட்டரில் பின்னொட்டாக `.local`-ஐ வைத்தால் ஏன் சிக்கல் என்பது விளங்கும். ரூட்டரின் பதிவேட்டில் `nas.local` என்று நீங்கள் எழுதி வைக்கிறீர்கள். ஆனால் மேக் கணினி `.local` என்று பார்த்ததுமே ரூட்டரை நாடாமல் பொதுக் குரல் கொடுக்கிறது. நாஸ் பெட்டியில் எம்டிஎன்எஸ் இயங்கவில்லை என்றால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கணினி சில நொடி காத்திருந்து கைவிடும். அதே வீட்டில் பழைய விண்டோஸ் கணினி நேராக ரூட்டரிடம் கேட்டுப் பதில் பெற்றுவிடும். ஒரே பெயர் ஒரு கணினியில் திறக்கிறது, பக்கத்துக் கணினியில் திறக்கவில்லை என்ற புகார் இப்படித்தான் வருகிறது. மைக்ரோசாஃப்டின் பழைய ஸ்மால் பிசினஸ் சர்வர் `.local` பின்னொட்டை இயல்பாகப் பரிந்துரைத்தது. அதை ஏற்ற அலுவலகங்களில் மேக் கணினிகள் பின்னர் இதே தொல்லைக்கு ஆளாயின.

ஒரு வீட்டில் செய்து பார்ப்போம்

ஒரு வீட்டில் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். நாஸ் பெட்டி ஒன்றும் பிரின்டர் ஒன்றும் இருக்கின்றன. ரூட்டரில் `dnsmasq` என்ற மென்பொருள் இயங்குகிறது. வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்குவதும் பெயர்க் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அதன் வேலை. அதன் கோப்பில் வேண்டியவை நான்கு வரிகள்:

```
domain=home.arpa
local=/home.arpa/
dhcp-host=02:00:00:11:22:33,nas,192.168.1.20
dhcp-host=02:00:00:44:55:66,printer,192.168.1.30
```

முதல் வரி பின்னொட்டைச் சொல்கிறது. ரூட்டர் அதை எல்லாக் கருவிகளுக்கும் தெரிவித்துவிடுவதால், பெரும்பாலான கணினிகளில் வெறும் `nas` என்று கொடுத்தாலும் மீதியை அவையே சேர்த்துக்கொள்ளும். கடைசி இரு வரிகள் ஒவ்வொரு கருவியின் மேக் எண்ணுக்கும் ஒரு பெயரையும் மாறாத முகவரியையும் கட்டிவைக்கின்றன. மேக் எண் கருவியின் அடியில் ஒட்டிய சீட்டிலோ, ரூட்டரின் கருவிப் பட்டியலிலோ கிடைக்கும்.

பலர் விட்டுவிடும் வரி இரண்டாவது. `home.arpa` என்று முடியும் எந்தக் கேள்வியையும் வெளியே அனுப்பாதே, தெரியாத பெயராக இருந்தால் 'இல்லை' என்று நீயே சொல்லிவிடு என்பது அதன் பொருள். இந்த வரி இல்லையென்றால், அணைந்து கிடக்கும் கருவியின் பெயரையும் எழுத்துப்பிழையோடு தட்டிய பெயரையும் ரூட்டர் இணையச் சேவை நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கேட்கும். உங்கள் வீட்டில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்ற தகவல் அந்த வழியாகக் கசியும். பின்னொட்டைச் சரியாகத் தேர்வதும் அதை வீட்டுக்குள்ளேயே நிறுத்துவதும் சேர்ந்தால்தான் வேலை முழுமை பெறும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி ரூட்டரில் கோப்பைத் தொட வேண்டியதில்லை. 'DHCP and DNS' பக்கத்தில் 'Local domain' என்ற கட்டத்தில் `home.arpa` என்றும் பெயர்களை வீட்டுக்குள்ளேயே தீர்ப்பதற்கான கட்டத்தில் `/home.arpa/` என்றும் கொடுத்தால் முதல் இரு வரிகளின் வேலை முடிந்துவிடும். இணைய நிறுவனம் இலவசமாகத் தரும் ரூட்டர்கள் பலவற்றில் பின்னொட்டை மாற்றும் வசதியே இருக்காது. அப்படியானால் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் `dnsmasq` நிறுவி, கருவிகள் அதனிடம் பெயர் கேட்கும்படி செய்யலாம். அந்தக் கணினி எப்போதும் ஓட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்; அது நின்றால் வீட்டில் எல்லோருக்கும் இணையமே நின்றதுபோல் இருக்கும்.

அமைத்து முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். கணினியின் கட்டளைத் திரையில் இப்படிக் கேளுங்கள்:

```
nslookup nas.home.arpa 192.168.1.1
nslookup nas.home.arpa
```

முதல் கேள்வி நேராக ரூட்டரிடம் போகிறது. அதற்கு 192.168.1.20 என்ற பதில் வந்தால் ரூட்டர் அமைப்பு சரி. இரண்டாவது கேள்வி, கணினி வழக்கமாக யாரிடம் கேட்குமோ அவரிடம் போகிறது. முதலாவதற்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வரவில்லை என்றால், அந்தக் கணினி ரூட்டரை விட்டுவிட்டு வெளியே வேறு யாரிடமோ கேட்கிறது. 8.8.8.8 போன்ற எண்ணை யாராவது கையால் பதித்திருப்பது பொதுவான காரணம்.

இரண்டுக்கும் பதில் வருகிறது, பிரவுசரில் மட்டும் திறக்கவில்லை என்ற நிலையும் வரலாம். இப்போதைய பிரவுசர்களில் பெயர்க் கேள்விகளை மறையாக்கம் செய்து வெளியே ஒரு நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அது இயங்கினால் ரூட்டருக்குக் கேள்வியே வராமல் போகலாம். ஆண்ட்ராய்ட் போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' பகுதியில் குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரைக் கொடுத்திருந்தாலும் இதே விளைவுதான். வீட்டு வைஃபையில் இருக்கும்போது அதைத் தானியங்கி நிலைக்கு மாற்றிப் பாருங்கள். பிரவுசர் பெயரைத் தேடல் சொல்லாக எண்ணிக் கூகுளுக்கு அனுப்பினால், முன்னால் `http://` சேர்த்துத் தட்டினால் போதும்.

`.local` பெயரைச் சோதிக்க `nslookup` உதவாது. அது பதிவேட்டை மட்டுமே கேட்கும், பொதுக் குரல் கொடுக்கத் தெரியாது. `ping printer.local` என்று கேட்டுப் பாருங்கள். `nslookup`-இல் தோல்வி, `ping`-இல் பதில் என்றால் எம்டிஎன்எஸ் ஒழுங்காக வேலை செய்கிறது என்றே பொருள்.

பூட்டுக் குறிக்கு வேறு ஏற்பாடு

`home.arpa`, `.internal`, `.local` மூன்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அவற்றுக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழை எந்தப் பொதுச் சான்றிதழ் நிறுவனமும் தராது. உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் `nas.home.arpa` இருக்கலாம். யாருடையது என்று சான்றளிக்க முடியாது. நாஸ் பக்கத்தை எச்டிடிபிஎஸ்ஸில் திறந்தால் பிரவுசர் எச்சரிக்கும்.

அந்த எச்சரிக்கை இல்லாமல் திறக்க வேண்டுமானால் ஒரு டொமைனை ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்தமாக வாங்க வேண்டும். அதன்கீழ் ஒரு கிளைப் பெயரை வீட்டுக்கென ஒதுக்கிவிட்டு, லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற இலவசச் சேவையில் சான்றிதழ் பெறலாம். டொமைனின் பொதுப் பட்டியலில் ஒரு வரி எழுதி உரிமையை நிரூபிக்கும் வழி இருப்பதால், நாஸ் பெட்டியை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டியதில்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: வழங்கிய சான்றிதழ்களின் பெயர்கள் பொதுப் பதிவேடுகளில் எல்லோர் பார்வைக்கும் வரும், கட்டணம் கட்டத் தவறினால் பெயர் வேறொருவர் கைக்குப் போகும். உங்கள் டொமைன், நீங்கள் கட்டணம் கட்டும் வரைதான் உங்களுடையது. `home.arpa`-வுக்குக் கட்டணம் இல்லை, காலாவதியும் இல்லை.

பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவு போதும்: `.local`-ஐ ரூட்டரில் எழுதாமல் கருவிகளிடமே விட்டுவிடுங்கள், அவை ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளட்டும். கெஸ்ட் வைஃபையிலிருந்தோ விபிஎன் வழியாகவோ தேட வேண்டிய, மாறாத பெயர் தேவைப்படும் கருவிகளை மட்டும் `home.arpa`-வின்கீழ் ரூட்டரில் பதியுங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கிலிருந்து அணுக ரூட்டரின் ஃபயர்வாலிலும் அனுமதி தர வேண்டியிருக்கும். பெயர் தெரிவது ஒன்று, உள்ளே வர வழி இருப்பது வேறொன்று. ஒரே நாஸ் பெட்டிக்கு `nas.local`, `nas.home.arpa` என்று இரண்டு பெயரும் இருப்பதில் எந்த முரணும் இல்லை. ஒன்றுக்குப் பெட்டி பதில் சொல்கிறது, மற்றதற்கு ரூட்டர். ஏற்கெனவே `.home` அல்லது `.lan` வைத்திருப்பவர்கள் அடுத்த முறை ரூட்டரை மாற்றும்போது இந்த வரிகளைப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். ரூட்டரில் `.local` எழுதி வைத்திருப்பவர்கள் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.